கடைசி இலக்கத்தைப் பிடித்தால் போதும்!

சி மொழி கற்றுக்கொள்ளத் தொடங்குகிறவர்கள் முதல் மாதத்திலேயே மூன்று பயிற்சிகளைச் சந்திப்பார்கள். ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டுவது, எண்ணைத் திருப்பி எழுதுவது, அது ஆம்ஸ்ட்ராங் எண்ணா என்று பார்ப்பது ஆகியவையே அவை. பலர் மூன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. மூன்றுக்கும் உள்ளே ஓடுவது ஒரே லூப்தான். நடுவில் ஒரே ஒரு வரிதான் மாறுகிறது. அந்த லூப்பை ஒருமுறை புரிந்துகொண்டால், புரோகிராம் தவறான விடை தரும்போது எங்கே பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

செய்து பார்க்க உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு சி கம்பைலர் வேண்டும். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் கோட் பிளாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். அதை டவுன்லோட் செய்யும்போது, ஃபைல் பெயரில் `mingw` என்ற சொல் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அதில்தான் கம்பைலரும் சேர்ந்து வரும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஜிசிசி இருந்தால் போதும்.

பத்து ரூபாய் நோட்டுக் கணக்கு

உங்களிடம் 5274 ரூபாய் இருக்கிறது. அதை முழுவதும் பத்து ரூபாய் நோட்டுகளாக மாற்றுகிறீர்கள். 527 நோட்டுகள் கிடைக்கும். 4 ரூபாய் சில்லறையாக மிஞ்சும். இதில் எண்ணின் கடைசி இலக்கமான 4 தனியே வந்துவிட்டதையும், மற்ற இலக்கங்கள் அப்படியே 527 என்று நிற்பதையும் கவனியுங்கள்.

சி மொழியில் இந்த இரண்டு வேலைகளுக்கும் இரண்டு குறிகள் இருக்கின்றன. `5274 / 10` என்றால் 527. `5274 % 10` என்றால் 4. சதவீதக் குறி போலத் தெரிந்தாலும் இங்கே `%` என்பதற்கும் சதவீதத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வகுத்தபின் மிஞ்சும் மீதியைத் தருவதுதான் அதன் வேலை. `/` குறியின் இரு பக்கமும் முழு எண்கள் இருந்தால், சி மொழி தசமப் பகுதியை வெட்டி எறிந்துவிடும். அதனால்தான் 527.4 வராமல் 527 வருகிறது. பைத்தான் பழகுகிறவர்கள் இந்த இடத்தில் `//` என்று இரண்டு கோடுகள் போட வேண்டும். ஒரு கோடு போட்டால் 527.4 என்றே வரும்.

இந்த இரண்டு வேலைகளையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டே போனால், ஒவ்வொரு இலக்கமாகப் பின்பக்கத்திலிருந்து உதிரும். எண் பூஜ்யமானதும் நிறுத்திவிடலாம்.

```
#include <stdio.h>
int main()
{
    int n, d;
    printf("Number: ");
    scanf("%d", &n);
    while (n > 0)
    {
        d = n % 10;
        printf("%d\n", d);
        n = n / 10;
    }
    return 0;
}
```

இதை டைப் செய்து இயக்கி, 5274 என்று கொடுங்கள். திரையில் 4, 7, 2, 5 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். லூப் நான்கு முறை சுற்றியிருக்கிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் `n` முறையே 527, 52, 5, 0 என்று தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது.

`n = n / 10;` என்ற வரியை எழுத மறந்துவிட்டால் எண் தேயாது, லூப்பும் நிற்காது. திரை முழுக்க 4 என்ற இலக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். பயப்பட வேண்டாம். கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு சி கீயைத் தட்டினால் புரோகிராம் நின்றுவிடும். பிறகு விட்டுப்போன வரியைச் சேருங்கள்.

கூட்டுவதும் திருப்புவதும்

இலக்கங்களைக் கூட்ட, `sum` என்று ஒரு வேரியபிள் வைத்துக்கொள்ளுங்கள். லூப் தொடங்குவதற்கு முன் அதற்கு `sum = 0;` என்று மதிப்பு கொடுங்கள். லூப்புக்குள் `printf` இருந்த இடத்தில் கீழே உள்ள வரியைப் போடுங்கள். லூப் முடிந்தபின் `sum` மதிப்பை அச்சிடுங்கள்.

```
sum = sum + d;
```

5274 கொடுத்தால் 4, 11, 13, 18 என்று வளர்ந்து, கடைசியில் 18 வரும். தொடக்கத்தில் பூஜ்யம் கொடுக்காவிட்டால், நினைவகத்தில் அந்த இடத்தில் ஏற்கெனவே கிடந்த ஏதோ ஒரு எண்ணோடு உங்கள் இலக்கங்கள் கூடிவிடும். ஒரு கம்ப்யூட்டரில் தற்செயலாகச் சரியான விடை வந்து, இன்னொன்றில் பொருத்தமே இல்லாத பெரிய எண் வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

எண்ணைத் திருப்ப, அதே இடத்தில் இந்த வரி வரும்.

```
rev = rev * 10 + d;
```

இது நோட்டுக் கணக்கை எதிர்ப்பக்கமாகச் செய்வது. ஏற்கெனவே சேர்த்த இலக்கங்களைப் பத்தால் பெருக்கினால், அவை இடப்பக்கமாக ஓர் இடம் நகர்ந்து, கடைசியில் ஒரு காலி இடம் உண்டாகும். புதிய இலக்கம் அங்கே வந்து உட்காரும். 5274-க்கு `rev` எப்படி வளர்கிறது என்று பாருங்கள்.

```
d = 4   rev = 0 * 10 + 4   = 4
d = 7   rev = 4 * 10 + 7   = 47
d = 2   rev = 47 * 10 + 2  = 472
d = 5   rev = 472 * 10 + 5 = 4725
```

இங்கே நினைவில் வைக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. லூப் முடியும்போது `n` பூஜ்யமாகிவிடுகிறது. நீங்கள் கொடுத்த 5274 அதில் இல்லை. இருபுறமும் ஒரே மாதிரி வாசிக்கப்படும் எண்ணா என்று சோதிக்க `if (rev == n)` என்று லூப்புக்குப் பிறகு எழுதினால், 1221 கொடுத்தாலும் "இல்லை" என்றே பதில் வரும். ஏனென்றால் அங்கே 1221-ஐப் பூஜ்யத்தோடு ஒப்பிடுகிறோம். அதனால் லூப்புக்கு முன்பே `t = n;` என்று ஒரு நகல் எடுத்துக்கொண்டு, தேய்க்கும் வேலையை எல்லாம் `t`-யில் செய்யுங்கள். மூல எண் `n`-இல் பத்திரமாக இருக்கும். இனி வரும் புரோகிராம்கள் எல்லாவற்றிலும் இந்த நகலைப் பார்ப்பீர்கள்.

விடை சரியா என்று ஒன்பது சொல்லும்

நான்கு இலக்க எண்ணைத் திருப்பினால் விடை சரியா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். நீளமான எண்ணாக இருந்தால்? இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும், அதற்கும் அதைத் திருப்பி எழுதிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபடும். 5274-இலிருந்து 4725-ஐக் கழித்தால் 549. அது 9 பெருக்கல் 61.

காரணம் எளிமையானது. 10, 100, 1000 ஆகிய எந்த இடமதிப்பை 9-ஆல் வகுத்தாலும் மீதி 1-தான். ஆகவே ஓர் எண்ணை 9-ஆல் வகுத்தால் வரும் மீதியும், அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகையை 9-ஆல் வகுத்தால் வரும் மீதியும் ஒன்றே. எண்ணைத் திருப்பினால் இலக்கங்களின் வரிசைதான் மாறும், கூட்டுத்தொகை மாறாது. எனவே இரண்டு எண்களும் ஒரே மீதியைத் தரும். கழித்தால் மீதி அடிபட்டுப் போகும். அதாவது, நாம் எழுதிய கூட்டல் புரோகிராம், திருப்பும் புரோகிராமைச் சோதிக்கும் கருவியாகவும் பயன்படுகிறது.

இப்போது திருப்பும் புரோகிராமுக்கு 1234567899 என்ற எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். 9987654321 என்று வர வேண்டும். ஆனால் வழக்கமான கம்பைலர்களில் திரையில் வருவது இது:

```
1397719729
```

எந்தப் பிழைச் செய்தியும் வராது. புரோகிராம் நின்றும் போகாது. சரியான விடையைப் போலவே ஒரு பத்து இலக்க எண் வந்து நிற்கும். ஒன்பது சோதனையைச் செய்வோம். 1234567899-இன் இலக்கங்களைக் கூட்டினால் 54. அது 9-ஆல் வகுபடும். 1397719729-இன் இலக்கங்களைக் கூட்டினால் 55. அதை 9-ஆல் வகுத்தால் மீதி 1. மீதிகள் பொருந்தவில்லை. ஆகவே விடை தவறு என்று பேனா பேப்பரிலேயே கண்டுபிடித்துவிட்டோம்.

என்ன நடந்தது? `int` வகை வேரியபிள் இன்றைய கம்பைலர்களில் பொதுவாக 32 பிட் அளவு கொண்டது. அதில் 2147483647 வரைதான் கொள்ளும். நாம் கொடுத்த எண் அதற்குள் அடங்குகிறது. ஆனால் திருப்பிய எண் அடங்கவில்லை. கார் மீட்டரில் 99999-க்குப் பிறகு 00000 வருவதைப் போல, நிரம்பி வழிந்த பகுதி காணாமல் போய்விட்டது. 9987654321-இலிருந்து 8589934592-ஐ, அதாவது 2-இன் 33-ஆம் அடுக்கைக் கழித்துப் பாருங்கள். சரியாக 1397719729 கிடைக்கும். சி மொழியின் விதிப்படி இப்படி நிரம்பி வழிந்தால் இன்ன விடைதான் வரும் என்ற உத்தரவாதமே கிடையாது. ஆகவே உங்கள் கம்ப்யூட்டரில் வேறு எண் வந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

பழைய டர்போ சி-யில் `int` என்பது 16 பிட் மட்டுமே. அதில் எல்லை 32767. அங்கே 12345-ஐத் திருப்பினால் 54321-க்குப் பதில் -11215 என்று மைனஸ் எண் வரும். பழைய புத்தகங்களில் உள்ள புரோகிராம்களை அதில் இயக்கிப் பார்ப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதற்குத் தீர்வு சிறியதுதான். `rev`-ஐ `long long rev = 0;` என்று அறிவித்துவிட்டு, அச்சிடும்போது `%d` என்பதற்குப் பதில் `%lld` என்று போடுங்கள். 9987654321 ஒழுங்காக வரும்.

ஒன்பது சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. அது பொருந்தவில்லை என்றால் விடை நிச்சயம் தவறு. பொருந்திவிட்டால் விடை நிச்சயம் சரி என்று சொல்லிவிட முடியாது. இலக்கங்கள் வெறுமனே இடம் மாறி வந்திருந்தால் அதை இந்தச் சோதனை பிடிக்காது.

ஹார்டி சொன்ன இரண்டு எண்கள்

ராமானுஜனை கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த கணித மேதை ஹார்டி, 1940-ல் எழுதிய ஒரு புத்தகத்தில் நம் பயிற்சிகளோடு நேரடித் தொடர்புள்ள இரண்டு செய்திகளைச் சொல்லியிருக்கிறார். முதலாவது, நான்கு இலக்க எண்களில் தன்னைத் திருப்பி எழுதிய எண்ணின் மடங்காக இருப்பவை 8712, 9801 ஆகிய இரண்டு மட்டுமே. இரண்டாவது ஆம்ஸ்ட்ராங் எண்களைப் பற்றியது. அதைப் பிறகு பார்ப்போம். இவை பத்திரிகைப் புதிர்ப் பக்கத்துக்குப் பொருத்தமானவை, ஆழமான கணிதம் அல்ல என்பது அவர் கருத்து. கணித மேதைக்கு அப்படி இருக்கலாம். லூப் பழகுகிற நமக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது.

முதல் செய்தி உண்மைதானா என்று நம் கம்ப்யூட்டரையே கேட்போம். 1000 முதல் 9999 வரை ஒவ்வோர் எண்ணையும் திருப்பி, வகுபடுகிறதா என்று பார்த்தால் போதும்.

```
#include <stdio.h>
int main()
{
    int n, t, rev;
    for (n = 1000; n <= 9999; n++)
    {
        t = n;
        rev = 0;
        while (t > 0)
        {
            rev = rev * 10 + t % 10;
            t = t / 10;
        }
        if (n % rev == 0)
            printf("%d %d %d\n", n, rev, n / rev);
    }
    return 0;
}
```

`%` குறி இங்கே இரண்டு வேலைகள் செய்வதைக் கவனியுங்கள். `t % 10` கடைசி இலக்கத்தைத் தருகிறது. `n % rev == 0` என்பது மீதியின்றி வகுபடுகிறதா என்று கேட்கிறது.

இயக்கியதும் இரண்டு வரிகள் வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். வருவதோ ஒரு நீண்ட பட்டியல். அதன் முதல் மூன்று வரிகள் இவை:

```
1000 1 1000
1001 1001 1
1010 101 10
```

அப்படியானால் ஹார்டி சொன்னது தவறா? இல்லை. பட்டியலைச் சற்று நிதானமாகப் படித்தால், தேவையில்லாத இரண்டு வகை எண்கள் புகுந்திருப்பது தெரியும். ஒன்று, 1001 போல இருபுறமும் ஒரே மாதிரி வாசிக்கப்படும் எண்கள். அவை தம்மைத் தாமே வகுக்கும் என்பதில் புதுமை ஒன்றும் இல்லை. இன்னொன்று, பூஜ்யத்தில் முடியும் எண்கள். 5610-ஐத் திருப்பினால் 0165 வர வேண்டும். ஆனால் கம்ப்யூட்டரில் எண்ணுக்கு முன்னால் நிற்கும் பூஜ்யத்துக்கு இடமில்லை. `rev`-இல் 165 மட்டுமே இருக்கும். 165-ஐ 34-ஆல் பெருக்கினால் 5610. அதனால் அதுவும் பட்டியலில் ஏறிவிடுகிறது. நான்கு இலக்க எண் மூன்று இலக்கமாகச் சுருங்கியதை உண்மையில் திருப்புதல் என்று சொல்ல முடியாது.

`if` வரியை இப்படி மாற்றுங்கள்.

```
if (n % 10 != 0 && n != rev && n % rev == 0)
```

இப்போது இயக்கினால் சரியாக இரண்டே வரிகள் வரும்.

```
8712 2178 4
9801 1089 9
```

ஹார்டி சொன்னது சரிதான். 2178-ஐ 4-ஆல் பெருக்கினால் 8712. 1089-ஐ 9-ஆல் பெருக்கினால் 9801. பூஜ்யத்தில் முடியும் எண்களின் இந்தச் சிக்கல் மற்ற இடங்களிலும் வரும். 1200-ஐத் திருப்பினால் 21 வரும், அதைத் திரும்பத் திருப்பினால் 12 வரும். பழைய எண் கிடைக்காது. ரசீது எண், போன் நம்பர் போன்றவற்றில் பூஜ்யம் முக்கியமானால், அவற்றை எண்ணாக வைக்காமல் எழுத்துகளின் வரிசையாகத்தான் வைக்க வேண்டும்.

ஆம்ஸ்ட்ராங் எண்

மூன்று இலக்க எண் ஒன்றின் ஒவ்வோர் இலக்கத்தையும் மூன்று முறை பெருக்கி, வருபவற்றைக் கூட்டினால் அதே எண் கிடைத்தால், அது ஆம்ஸ்ட்ராங் எண். 153-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1-இன் கனம் 1, 5-இன் கனம் 125, 3-இன் கனம் 27. கூட்டினால் 153. ஹார்டியின் இரண்டாவது செய்தி இதுதான்: 1-ஐத் தவிர்த்துப் பார்த்தால், இலக்கங்களின் கனங்களைக் கூட்டி அதே எண் வருபவை 153, 370, 371, 407 ஆகிய நான்கு மட்டுமே.

பல புத்தகங்கள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. லூப்புக்குள் `sum = sum + d * d * d;` என்று எழுதிவிட்டு, எல்லா எண்களுக்கும் இது போதும் என்பது போல விட்டுவிடுகின்றன. ஆனால் அடுக்கு என்பது எத்தனை இலக்கங்கள் இருக்கின்றனவோ அத்தனை. நான்கு இலக்க எண்ணுக்கு நான்காம் அடுக்கு. 1634-க்கு 1, 1296, 81, 256 ஆகியவற்றைக் கூட்டினால் 1634 வரும். ஆகவே அது ஆம்ஸ்ட்ராங் எண். கனம் மட்டும் பார்க்கும் புரோகிராமோ 308 என்று கூட்டி, இல்லை என்று சொல்லிவிடும்.

அதனால் நாம் இரண்டு முறை தேய்க்க வேண்டும். முதல் முறை இலக்கங்களை எண்ணுவதற்கு, இரண்டாம் முறை அடுக்குகளைக் கூட்டுவதற்கு.

```
k = 0;
t = n;
while (t > 0)
{
    k = k + 1;
    t = t / 10;
}
sum = 0;
t = n;
while (t > 0)
{
    d = t % 10;
    p = 1;
    for (i = 1; i <= k; i++)
        p = p * d;
    sum = sum + p;
    t = t / 10;
}
```

முதல் லூப் முடிந்ததும் `t` பூஜ்யமாகிவிடுவதால், இரண்டாவது லூப்புக்கு முன் மறுபடியும் `t = n;` என்று நகல் எடுத்திருக்கிறோம். கடைசியில் `if (sum == n)` என்று கேட்டால் விடை கிடைக்கும்.

153 மட்டும் எங்கே போனது?

சி மொழியில் அடுக்கு காண `pow` என்று ஒரு ஃபங்ஷன் தயாராக இருக்கிறதே, அதை விட்டுவிட்டு ஏன் உள்ளே ஒரு `for` லூப் என்று கேட்கலாம். இதற்கான பதிலை எங்கள் எதிர் வீட்டுப் பெண் வழியாகச் சொல்கிறேன். அவர் டிப்ளமோ படிக்கிறார். பிராக்டிகல் தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தபோது, கையில் நோட்டோடு வந்தார்.

"அங்கிள், இதே புரோகிராம் காலேஜ் லேபில் நாலு எண்ணையும் காட்டுது. வீட்டு கம்ப்யூட்டர்ல 370, 371, 407 மட்டும்தான் வருது. 153 வரவே மாட்டேங்குது. பரீட்சையில எந்த கம்ப்யூட்டர் கிடைக்கும்னு தெரியலை."

நோட்டில் இருந்த புரோகிராமில் கணக்கில் எந்தக் குறையும் இல்லை. லூப் சரியாக இருந்தது, நகலும் எடுத்திருந்தார். `p = pow(d, 3);` என்று ஒரு வரி மட்டும் வித்தியாசமாக இருந்தது. அதன் கீழே `p`-யை அச்சிடும்படி ஒரு `printf` சேர்த்து, 153-ஐ மட்டும் கொடுத்து இயக்கச் சொன்னேன். திரையில் வந்தவை இவை:

```
27
124
1
```

5-இன் கனம் 125-க்குப் பதில் 124! கூட்டுத்தொகை 152 ஆகிவிட்டது. அதனால்தான் 153 காணாமல் போயிருக்கிறது.

`pow` முழு எண்களுக்காக எழுதப்பட்ட ஃபங்ஷன் அல்ல. அது `double` என்ற தசம வகையில் விடை தருகிறது. சில கம்பைலர்களில், குறிப்பாக விண்டோஸுக்கான பழைய 32 பிட் மின்ஜிடபிள்யூ வகையில், அந்த விடை 125-க்கு மயிரிழை குறைவாக அமைந்துவிடுவது உண்டு. தசம எண்ணை `int` வேரியபிளில் போட்டால், சி மொழி அதை அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றாது. புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிடும். பத்து ரூபாய் நோட்டுக் கணக்கில் நமக்கு உதவிய அதே வெட்டு இங்கே நம்மைக் கவிழ்க்கிறது. லேபில் இருந்த கம்பைலரில் அந்த மயிரிழை வித்தியாசம் இல்லாததால் 153 ஒழுங்காக வந்திருக்கிறது.

`printf("%d", (int) pow(5, 3));` என்று தனியாக எழுதிச் சோதித்தால் 125 என்றே வரக்கூடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நேரடியாக எண்களைக் கொடுத்தால் கம்பைலரே முன்கூட்டி விடையைக் கணக்கிட்டு வைத்துவிடலாம். வேரியபிள்களைக் கொடுக்கும்போதுதான் குறை வெளியே வரும். அதனால் புரோகிராமுக்கு உள்ளேயே அச்சிட்டுப் பார்ப்பதுதான் நம்பகமானது.

அந்தப் பெண் `pow` வரியை எடுத்துவிட்டு, முழு எண் பெருக்கலாக மாற்றினார். வீட்டுக் கம்ப்யூட்டரிலும் 153 வந்தது. முழு எண்களை மட்டும் பெருக்கினால், நிரம்பி வழியாத வரை, எந்த கம்பைலரிலும் ஒரே விடைதான் வரும். தேர்வில் எந்த கம்ப்யூட்டர் கிடைத்தாலும் இனி அவருக்குக் கவலை இல்லை.

9999 வரை எத்தனை?

மேலே உள்ள இரண்டு லூப்புகளையும் `for (n = 1; n <= 9999; n++)` என்ற லூப்புக்குள் வைத்து, `sum == n` ஆனால் அச்சிடும்படி செய்யுங்கள். திரையில் மொத்தம் 16 எண்கள் வர வேண்டும். 1 முதல் 9 வரை ஒன்பது எண்கள், பிறகு 153, 370, 371, 407, கடைசியாக 1634, 8208, 9474. இரண்டு இலக்கத்தில் ஒன்றுகூட இல்லை.

1 மட்டும் வந்து மற்றவை வராவிட்டால், `sum = 0;` என்ற வரி `for` லூப்புக்கு வெளியே இருக்கிறது என்று அர்த்தம். 1-க்குச் சேர்ந்த கூட்டுத்தொகை அழியாமல் 2-க்கும் தொடர்கிறது. அங்கே 3 ஆகி `n`-ஐ முந்திவிடும். அதன்பின் ஒவ்வோர் எண்ணுக்கும் குறைந்தது 1-ஆவது சேர்வதால், `n` அதை எட்டிப் பிடிக்கவே முடியாது. 153, 370, 371, 407 வந்து அடுத்த மூன்றும் வராவிட்டால், அடுக்கு 3 என்றே நிலைத்திருக்கிறது. 153 மட்டும் விட்டுப்போனால், யாரைப் பிடிக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

எல்லையை 99999 ஆக உயர்த்தினால் இன்னும் மூன்று எண்கள் கிடைக்கும்: 54748, 92727, 93084. ஒன்பது இலக்கம் வரை போக விரும்பினால் `sum`, `p` இரண்டையும் `long long` ஆக்கிவிடுங்கள். 9-இன் ஒன்பதாம் அடுக்கு 387420489. அப்படி ஆறு சேர்ந்தாலே `int` நிரம்பி வழிந்துவிடும்.

இந்தப் பட்டியல் முடிவில்லாமல் போகாது. இலக்கங்கள் கூடக்கூட எண்ணின் அளவு பத்துப் பத்து மடங்காக வளர்கிறது. இலக்கங்களின் அடுக்குகளோ அதிகம் போனால் ஒன்பது ஒன்பது மடங்காகத்தான் வளர முடியும். 61 இலக்கங்களை எட்டும்போது, எல்லா இலக்கமும் 9 ஆக இருந்தாலும் கூட்டுத்தொகை எண்ணைத் தொட முடியாமல் பின்தங்கிவிடுகிறது. ஆகவே 60 இலக்கத்துக்கு மேல் ஆம்ஸ்ட்ராங் எண் இருக்கவே முடியாது. பூஜ்யத்தை விட்டுவிட்டால் மொத்தம் 88 எண்கள்தான். அவற்றில் மிகப் பெரியதற்கு 39 இலக்கங்கள்.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை. திருப்பும் புரோகிராமில் -123 கொடுத்துப் பாருங்கள். விடை 0 என்று வரும். `while (n > 0)` என்பதை `while (n != 0)` என்று மாற்றிவிட்டு மறுபடியும் கொடுத்தால் -321 வரும். மைனஸ் எண்ணை வகுத்தால் சி மொழியில் மீதியும் மைனஸாகவே வரும் என்பதுதான் இதற்குக் காரணம். லூப்புக்குள் `d`-யை அச்சிட்டுப் பார்த்தால் அது -3, -2, -1 என்று வருவதைக் கண்ணாலேயே காணலாம்.